தொண்ணூறா? அதிகம்!

அன்புள்ள ஐயா,

பிறமொழிக்காரர்களான பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். மூன்று மாதம் படித்தவர்களுக்காக ஒரு குட்டிக்கதை எழுதினேன். வெளிநாட்டுப் பயணி தன் அம்மாவுக்கு ஒரு பரிசு வாங்கப் பேரம் பேசுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் கடைக்காரர் புதிதாக ஒரு வசனம் பேசி மடக்குகிறார். கடைசியில் பரிசு அம்மாவுக்கு என்று தெரிந்ததும் காசே வாங்காமல் கொடுத்துவிடுகிறார். நான் விளக்கியபோது எல்லோரும் ரசித்தார்கள். தனியாகப் படிக்கச் சொன்னால் பாதியில் நின்றுவிட்டார்கள். கதையை இணைத்திருக்கிறேன். எங்கே கோளாறு?

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கதையை இரண்டு முறை படித்தேன். உங்கள் கடைக்காரர் நன்றாகப் பேசுகிறார். "கட்டுப்படியாகாது", "அசலுக்கே மோசம்", "வந்த விலைக்கே தர்றேன்" எல்லாம் காதில் கேட்ட மாதிரியே இருக்கின்றன. கோளாறும் அங்கேதான். நமக்கு அவை பேரத்தின் சுவை. மூன்று மாதம் படித்தவருக்கு அடுத்தடுத்து நிற்கும் சுவர்கள்.

உதவியில்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் சோதித்து, 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். 98 விழுக்காடு என்பது அவர்களுடைய கணக்கு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் புதிதாக இருக்கலாம். தமிழில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். "கட்டுப்படியாகாது" என்பதை நாம் ஒரு சொல்லாக எண்ணுகிறோம். படிப்பவரோ அதை எங்கே பிரிப்பது என்றே தெரியாமல் விழிக்கிறார். உங்கள் கதையில் கடைக்காரர் வாய் திறக்கும்போதெல்லாம் இப்படி ஒன்று வருகிறது.

பேரம் இயல்பாகவே திரும்பத் திரும்பப் பேசப்படுவது. விலை, மறுப்பு, இன்னொரு விலை, மறுபடி மறுப்பு. மொழி கற்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சி அமையாது. ஒரே வாக்கியம் நாலு முறை வந்தாலும் யாருக்கும் செயற்கையாகத் தோன்றாது, ஏனென்றால் பேரத்தில் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆகவே வாக்கியத்தை அப்படியே வைத்து எண்ணை மட்டும் மாற்றுங்கள். மறுப்புக்கு "முடியாது" ஒன்றே போதும்.

அப்படியானால் கதை சப்பென்று ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகாது, திருப்பத்தை எண்ணுக்குள்ளேயே வைத்தால். தமிழ் எண்களில் படிப்பவர்கள் தவறாமல் இடறும் ஓர் இடம் இருக்கிறது. இருநூறு, முந்நூறு, நானூறு என்று படித்து வந்தவருக்கு "தொண்ணூறு" காதில் விழுந்தால் தொள்ளாயிரம் என்றே தோன்றும். நூறு என்று முடிகிறதே! அவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. நம் எண்ணுப்பெயர்தான் அந்த இடத்தில் வழி மாறுகிறது. இதை வைத்து உங்கள் கதையை இப்படி எழுதிப் பார்த்தேன்.

பயணி கடைக்குள் போனார். ஒரு பச்சைப் பெட்டியை எடுத்தார்.
"யாருக்கு?" என்று கடைக்காரர் கேட்டார்.
"அம்மாவுக்கு."
"அம்மாவுக்குப் பச்சை பிடிக்குமா?"
"பிடிக்கும். இது என்ன விலை?"
"தொண்ணூறு."
"தொண்ணூறா? அதிகம்! முந்நூறு தர்றேன்."
கடைக்காரர் பேசவில்லை.
"சரி, நானூறு தர்றேன்."
கடைக்காரர் ஒரு தாளை எடுத்தார். 90 என்று எழுதினார்.
பயணி தாளைப் பார்த்தார். சிரித்தார்.
"தொண்ணூறா? அதிகம்! எழுபது தர்றேன்."
கடைக்காரரும் சிரித்தார். "எழுபது முடியாது. எண்பது."
"சரி, எண்பது."

"தொண்ணூறா? அதிகம்!" இரண்டு முறை வருகிறது, எழுத்து மாறாமல். முதல் முறை பயணி உண்மையாகவே திடுக்கிடுகிறார். இரண்டாம் முறை பேரம் பேசுகிறார். படிப்பவர் புதிதாக ஒரு சொல்லும் கற்காமல் அந்த வேறுபாட்டைப் பிடித்துவிடுவார்.

"கடைக்காரர் பேசவில்லை" என்ற வரியை எக்காரணம் கொண்டும் விளக்கிவிடாதீர்கள். "அவருக்கு ஆச்சரியம், கேட்டதைவிட அதிகமாகக் கொடுக்கிறாரே" என்று எழுதக் கை துடிக்கும். எழுதினால் கதையின் உயிர் போய்விடும், உங்கள் சோதனையும் போய்விடும். ஏனென்றால் புரிந்ததா இல்லையா என்று அந்த வரிதான் காட்டிக்கொடுக்கும். படித்து முடித்ததும் "கடைக்காரர் ஏன் பேசவில்லை?" என்று மட்டும் கேளுங்கள். "விலை பிடிக்கவில்லை, கோபம்" என்று ஒருவர் சொன்னால் அவரும் பயணியைப் போலவே எண்ணில் இடறியிருக்கிறார். அவரை இன்னொரு முறை படிக்க விடுங்கள். 90 என்ற இலக்கத்தைப் பார்க்கும்போது அவரே சிரிப்பார்.

பரிசு என்பதற்காகவே கிடைக்கும் ஒரு வசதியும் உண்டு. தனக்காக வாங்குபவரிடம் யாரும் "யாருக்கு?" என்று கேட்பதில்லை. பரிசு என்றால் அந்தக் கேள்வி தானாக வருகிறது. அதோடு "-க்கு" வருகிறது. அடுத்த வரியிலேயே "அம்மாவுக்குப் பிடிக்குமா" என்று அதே உருபு வேறு வேலை செய்கிறது. பெறுபவருக்கும் "-க்கு", விரும்புபவருக்கும் "-க்கு". இலக்கண விளக்கமாகச் சொன்னால் குழம்பும் இதை, இரண்டு வரி உரையாடல் உள்ளே இறக்கிவிடும். உங்கள் கதையில் அம்மா கடைசிப் பத்தியில்தான் வருகிறார். அவரை முதலிலேயே கொண்டுவாருங்கள்.

இலவசமாகக் கொடுக்கும் முடிவை எடுத்துவிடுங்கள் என்பதை அழுத்தியே சொல்கிறேன். அந்த முடிவில் பயணி கற்ற தமிழுக்கு வேலையே இல்லை. அவர் "முடியாது", "அதிகம்" என்று தட்டுத்தடுமாறிப் பேசியதெல்லாம் வீணாகி, ஒருவருடைய இரக்கத்தால் காரியம் நடக்கிறது. உங்கள் மாணவர்கள் தங்களைப் பார்ப்பது அந்தப் பயணியில்தான். தொண்ணூறிலிருந்து எண்பதுக்கு இறங்கிய அந்தப் பத்து ரூபாயை அவர் பேசியே வாங்கட்டும்.

பேச்சுத்தமிழா எழுத்துத்தமிழா என்பதில் உங்கள் கதை ஊசலாடுகிறது. கடைக்காரர் ஒரு வரியில் "தருகிறேன்" என்கிறார், இன்னொரு வரியில் "தர்றேன்" என்கிறார். படிப்பவருக்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். மேற்கோள் குறிக்குள் பேச்சு வழக்கு, வெளியே எழுத்து வழக்கு என்று வைத்துக்கொண்டால் குறியே வழிகாட்டிவிடும். இரண்டு பக்கமும் ஒரே வினைச்சொல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள கதையில் "தர்றேன்" உரையாடலில் மட்டும்தான் வருகிறது.

"கட்டுப்படியாகாது" வீணாக வேண்டாம். இதே கதையை ஆறு மாதம் கழித்து அவர்களிடம் மறுபடி கொடுக்கும்போது, "எழுபது முடியாது" என்ற இடத்தில் "எழுபது கட்டுப்படியாகாது" என்று மாற்றிப் போடுங்கள். பொருள் முன்பே தெரிந்த இடத்தில் அந்தச் சொல்லை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.