மரகதப் பச்சைப் பட்டுக்கு நீலத்திரை: புடவை பிழைக்கும், பார்டர்?

கேள்வி: "பினாங்கில் சின்ன ஸ்டுடியோ. தீபாவளி விளம்பரத்துக்கு மாடல் மரகதப் பச்சைப் பட்டு கட்டியிருக்கிறார், ராணி பிங்க் பார்டர், தலை நிறைய மல்லிகை. பச்சைத்திரையில் புடவை ஓட்டை ஓட்டையாகிறது. நீலத்திரை போட்டால் சரியாகுமா? முடி நன்றாக வருமா? ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் Keylight பயன்படுத்துகிறோம்."

போடுங்கள். ஆனால் புடவையின் உடல் பிழைத்ததும் அடுத்து பார்டர் மாட்டிக்கொள்ளும். அதற்கு வழி இருக்கிறது, கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டும்.

திரையை நீக்கும் Keylight மாதிரி மென்பொருள் "இது நீலமா?" என்று பார்ப்பதில்லை. "நீலம் மற்ற இரண்டு நிறங்களைவிட எவ்வளவு தூக்கலாக இருக்கிறது?" என்றுதான் பார்க்கிறது. வெளிச்சம் சரியாக விழுந்த நீலத் துணியில் ஐட்ராப்பரை வைத்தால், 0 முதல் 255 வரையான அளவில் சிவப்பு 30, பச்சை 60, நீலம் 170 என்ற மாதிரி வரும். உங்கள் புடவையின் உடல் சிவப்பு 20, பச்சை 110, நீலம் 60 என்று வைத்துக்கொள்வோம். அதில் நீலம் பச்சையைவிடக் குறைவு, அதனால் அது திரையில்லை, முழுசாக நிற்கும். இதே புடவை பச்சைத்திரைக்கு முன்னால் நின்றால் அதில் பச்சைதான் தூக்கல். சிவப்பு, நீலம் இரண்டின் சராசரி 40, பச்சை அதைவிட 70 அதிகம். நல்ல பச்சைத்திரையிலேயே அந்த வித்தியாசம் 110 பக்கம்தான் இருக்கும். ஆக, புடவையில் பாதிக்கு மேல் திரையோடு சேர்ந்து போய்விடுகிறது. நீங்கள் பார்க்கும் ஓட்டை அதுதான்.

இப்போது Keylight-இல் `Screen Balance` என்ற எண்ணுக்கு வருவோம். நீலத்திரைக்கு அதை 95 பக்கம் வை, பச்சைத்திரைக்கு 50 பக்கம் வை என்றுதான் எல்லா இடத்திலும் சொல்வார்கள். பொதுவாகச் சரிதான், உங்கள் புடவைக்குத் தப்பு. திரையின் மற்ற இரண்டு நிறங்களில் எதோடு ஒப்பிட வேண்டும் என்பதை இந்த எண்தான் சொல்கிறது. 95 என்றால் குறைவாக இருக்கும் நிறத்தோடு, அதாவது சிவப்போடு. 5 என்றால் கூடுதலாக இருக்கும் நிறத்தோடு, அதாவது பச்சையோடு. மரகதப் பச்சையில் சிவப்பு வெறும் 20, நீலம் 60. 95-இல் வைத்து ஒப்பிட்டால் நீலம் தூக்கலாகத் தெரிந்து, புடவை ஏறக்குறைய கால்வாசி மறைந்துவிடும். நீலத்திரை வாங்கிப் போட்டும் பச்சைப் புடவை பேய் மாதிரி தெரிகிறது என்று புலம்புகிறவர்கள் பலர் இந்த எண்ணைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். 5-க்கு இறக்குங்கள், புடவை கெட்டியாகிவிடும். கிளிப்பச்சையாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதில் நீலம் சிவப்பைவிடக் குறைவாகத்தான் இருக்கும், எந்த எண்ணிலும் நிற்கும்.

ஆனால் ராணி பிங்க் பார்டர் இதற்கு நேர் எதிர். அது சிவப்பு 150, பச்சை 30, நீலம் 120 போல வரும். 5-இல் பச்சையோடு ஒப்பிட்டால் நீலம் 90 தூக்கல், பார்டரில் முக்கால்வாசி காணாமல் போகும். 95-இல் சிவப்போடு ஒப்பிட்டால் அப்படியே நிற்கும். உடலுக்கு 5, பார்டருக்கு 95. ஒரே எண்ணில் இரண்டையும் காப்பாற்ற முடியாது. 50-இல் வைத்துச் சமாளிப்போம் என்று போனால் உடல் தப்பிக்கும், பார்டரில் ஏறக்குறைய கால்வாசி அப்போதும் மறையும்.

அதனால் லேயரை இரண்டாக்குங்கள். மேலே இருப்பதில் `Screen Balance` 5. அதில் முகம், முடி, புடவையின் உடல் எல்லாம் வந்துவிடும். கீழே இருப்பதில் 95. அங்கே பார்டர் முழுசாக நிற்கும், உடல் மட்டும் லேசாகத் தேயும், அதை மேல் லேயர் மூடிவிடும். திரை இரண்டிலும் காலியாக இருப்பதால் பின்னணிக்கு ஒன்றும் ஆகாது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது முடி. பாதி தெரிகிற முடியிழை இரண்டு லேயரிலும் இருந்தால், பாதியும் பாதியும் சேர்ந்து முக்கால் ஆகிவிடும், இழை தடித்துக் கம்பி மாதிரி நிற்கும். அதனால் கீழ் லேயருக்கு மாஸ்க் போட்டு, தோளுக்குக் கீழே மட்டும் இருக்கும்படி வெட்டிவிடுங்கள். ஜடையை முன்னால் போட்டிருந்தால் மாஸ்க் அதையும் தவிர்த்துப் போக வேண்டும். இரண்டாவது பார்டரின் நிறம். திரையை நீக்கும்போதே மேலே படிந்த நீலச் சாயத்தையும் Keylight குறைக்கும். ராணி பிங்கில் இருக்கிற நீலம் சாயம் இல்லை, அது நெய்ததே அப்படித்தான் என்று அதற்குத் தெரியாது. பார்டரைச் செங்கல் சிவப்பாக்கி வைக்கும். கீழ் லேயரில் `View`-ஐ `Intermediate Result` என்று மாற்றுங்கள். வெட்டு மட்டும் நடக்கும், நிறத்தைத் தொடாது. மேல் லேயர் `Final Result`-இலேயே இருக்கட்டும். பார்டர் இன்னும் மங்கலாகத் தெரிந்தால், மேல் லேயரில் மிச்சமிருக்கும் சிவந்த பார்டர் கீழே இருப்பதை மறைக்கிறது என்று பொருள். அந்த இடத்தை மேல் லேயரிலிருந்து மாஸ்க் போட்டு எடுத்துவிடுங்கள். முந்தானை நிறைய ஆடினால் மாஸ்க்குக்கு கீஃப்ரேம் போடுவது கொஞ்சம் நச்சு வேலைதான்.

எண்களை மாற்றும்போது `View`-ஐ முதலில் `Screen Matte`-இல் வைத்துப் பாருங்கள். ஆள் வெள்ளை, திரை கறுப்பு, நடுவில் சாம்பல் தெரிகிற இடமெல்லாம் பிரச்சினை. சாம்பலைப் பார்த்ததும் `Clip White`-ஐ 60 வரை இறக்கிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. புடவை வெள்ளையாகும், கூடவே முடியின் ஓரமும் வெட்டிய அட்டை மாதிரி ஆகும். முதலில் `Screen Balance`, பிறகு திரையில் மிஞ்சும் சாம்பலுக்கு `Screen Gain` 105 அல்லது 110 வரை, கடைசியில்தான் கிளிப். `Clip White` 85-க்குக் கீழே போக வேண்டி வந்தால் கோளாறு வெளிச்சத்தில் இருக்கிறது.

முடிக்கு வருவோம். பொன்னிற முடிக்கு நீலத்திரைதான் நல்லது என்று படித்திருப்பீர்கள். காரணம் எளிது: மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, பச்சைச் சாயத்தை எடுக்கப் போனால் முடியின் நிறமும் கூடவே போகிறது. நம் கறுப்பு முடிக்கு அந்தக் காரணம் பொருந்தாது, மருதாணி போட்ட முடிக்கு ஓரளவு பொருந்தும். கறுப்பு முடியில் நீலத்தின் லாபம் வேறு. ஓரத்தில் கொஞ்சம் சாயம் மிஞ்சினாலும், கறுப்பின் மேல் நீலம் இயற்கையான மினுமினுப்பு மாதிரி தெரியும். பச்சை மிஞ்சினால் பாசி பிடித்த மாதிரி இருக்கும், பார்க்கிற யாரும் உடனே சொல்லிவிடுவார்கள்.

அதே மினுமினுப்பில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவி வாரிய தலை கண்ணாடி மாதிரி திரையைப் பிரதிபலிக்கும். உச்சந்தலையில் ஒரு நீலக் கோடு விழும், அது `Screen Matte`-இல் சாம்பல் கீறலாகத் தெரியும். மாடலைத் திரையிலிருந்து 2 மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள், 3 கிடைத்தால் இன்னும் நல்லது. பின்னாலிருந்து முடிக்கு அடிக்கும் விளக்கு நீலம் கலக்காத, சற்று வெதுவெதுப்பான நிறத்தில் இருக்கட்டும்.

மல்லிகைக்கு நீலத்திரை தெளிவாகவே மேல். இதழ் வெள்ளை, அதற்கு எந்தத் திரையும் ஒன்றுதான். ஆனால் இதழுக்குக் கீழே இருக்கும் பச்சைக் காம்பைப் பச்சைத்திரை தின்றுவிடும், சரம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். வாழையிலை, மாவிலைத் தோரணம், வெற்றிலைத் தட்டு எது காட்சியில் வந்தாலும் இதே கதை. ஜரிகையும் அப்படித்தான். சிவப்பு 210, பச்சை 165, நீலம் 70 இருக்கிற தங்க நிறத்தில் பச்சையைச் சராசரிக்கு, அதாவது 140-க்கு இறக்கினால் தங்கம் செம்பாகிவிடும். நீலத்திரையில் இறக்குவதற்கு அங்கே நீலமே இல்லை.

இத்தனை இருந்தும் எல்லாரும் பச்சையையே ஏன் போடுகிறார்கள் என்றால், கேமராவுக்குப் பச்சைதான் வசதி. சென்சாரில் நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்றுதான் நீலம். படத்தின் பிரகாசக் கணக்கில் பச்சைக்கு ஏறக்குறைய 72 சதவீதம், நீலத்துக்கு 7 மட்டுமே. 4:2:0-வில் பதிவு செய்தால் பிரகாசம் முழு அளவிலும் நிறம் கால் அளவிலும் சேமிக்கப்படும். நீலத்தின் விவரமெல்லாம் அந்தக் கால் அளவுக்குள்தான் இருக்கிறது, அதனால் முடியோரம் படிக்கட்டு மாதிரி உடையும். கேமராவில் 4:2:2 10 பிட் இருந்தால் அதைப் போடுங்கள், ஐஎஸ்ஓ கேமராவின் அடிப்படை அளவிலேயே இருக்கட்டும்.

நீலத் துணி வெளிச்சத்தையும் விழுங்கும். பச்சைக்கு அடித்ததைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திரைக்கு அடிக்க வேண்டியிருக்கும். விளக்கு 5600 கெல்வின் இருக்க வேண்டும். 3200 கெல்வின் மஞ்சள் விளக்கில் நீலமே குறைவு. கேமரா வெள்ளைச் சமநிலைக்காக நீலத்தை இழுத்து ஏற்றும், திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக நுரைக்கும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விலை குறைந்த எல்ஈடி மினுக்காமல் இருக்க ஷட்டரை 1/50-இல் வையுங்கள்.

துணியை லெபோ பாசார் பக்கம் மீட்டர் கணக்கில் வாங்கலாம், ஆனால் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். பள்ளிச் சீருடைக் கருநீலம் வேலைக்காகாது, சிவப்பு 15, பச்சை 22, நீலம் 60 என்று நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் நாற்பதைக்கூடத் தொடாது. வான நீலத்தில் பச்சை கலந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில், பளபளப்பில்லாத அடர் நீலம் வேண்டும். சாட்டின் வேண்டவே வேண்டாம்.

மயில்கழுத்து நிறப் புடவை வந்தால் மட்டும் நீலம், பச்சை இரண்டையும் மறந்துவிடுங்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் என்று நெய்தது அது. ஆள் திரும்பும்போது மடிப்புக்கு மடிப்பு நீலமும் பச்சையும் மாறும், எந்தத் திரையில் எடுத்தாலும் பாதி மடிப்பு போகும். அதற்குச் சாம்பல் சுவருக்கு முன்னால் எடுத்து, ஆளின் ஓரத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கையால் வெட்டி ரோட்டோ செய்வதுதான் வழி.

படப்பிடிப்புக்கு முதல் நாள் அந்தப் புடவையின் முந்தானையைத் துணியின் முன்னால் தொங்கவிட்டு, அதே விளக்கில் பத்து விநாடி எடுத்துப் பாருங்கள். உடலில் ஒரு இடம், பார்டரில் ஒரு இடம், ஜரிகையில் ஒரு இடம் என்று ஐட்ராப்பர் வைத்து `Info` பேனலில் மூன்று எண்களைப் படியுங்கள். பார்டரில் நீலம் சிவப்பைவிடக் குறைவாகவும் பச்சையைவிட அதிகமாகவும் இருந்தால் மேலே சொன்ன இரண்டு லேயர் முறை போதும். இரண்டையும்விட அதிகமாக இருந்தால் அது ராணி பிங்க் இல்லை, கத்தரிப்பூ நிறம். விளம்பரக்காரரிடம் வேறு புடவை கேளுங்கள்.