விண்ணப்பக் கடிதம்: 'கடின உழைப்பாளி' தவிர ஒன்றும் வரவில்லை

"மன்னார்குடி பக்கம் அரிசி ஆலையில் ஸ்டாக் பார்க்கிறேன். திருச்சியில் கிடங்கு வேலைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் 'கடின உழைப்பாளி, நேர்மையானவன்' என்பதோடு நின்றுவிடுகிறது."

கடிதத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். முதலில் ஒரு தாளில் நடந்த சம்பவங்களை மட்டும் எழுதுங்கள்: நீங்கள் தீர்த்த தொல்லை, பெருமைப்பட்ட தருணம், கிடைத்த பாராட்டு.

'எனக்கு என்ன திறமை' என்று கேட்டிருப்பீர்கள், அதற்குக் 'கடின உழைப்பாளி' மாதிரி அடைமொழிதான் பதிலாக வரும். 'நான் வந்த பிறகு எந்தத் தொல்லை நின்றது?' என்று கேளுங்கள்.

உதாரணமாக, குறுவை அறுவடை மழையில் மாட்டி நெல் ஈரமாக வந்திருக்கும், பிறகு இருப்பு குறைகிறது என்று முதலாளி சத்தம் போட்டிருப்பார். 20% ஈரத்தில் வந்த 100 கிலோ 14%-க்குக் காய்ந்தால் சுமார் 93 கிலோதான் நிற்கும். அதைக் கண்டுபிடித்து, வரும்போதே ஈரப்பதத்தையும் பதிவேட்டில் ஏற்றியது நீங்கள் என்றால், கடிதத்தின் முதல் பத்தியே அதுதான். முன்பு எப்படி இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அப்புறம் என்ன மாறியது, மூன்றையும் எழுதுங்கள்.

பெருமைப்பட்ட தருணத்துக்கு, யாரும் சொல்லாமலே நீங்களாக இழுத்துப் போட்டுச் செய்த வேலையைத் தேடுங்கள். பாராட்டு என்றால் விருதே வேண்டியதில்லை. "இவர் போட்ட எடையா, சரி, திரும்பப் போட வேண்டாம்" என்று லாரிக்காரர் சொன்னதும் பாராட்டுதான், அவர் வார்த்தையிலேயே குறித்து வையுங்கள். ஞாபகம் வராவிட்டால் பழைய பதிவேட்டையும் வாட்ஸப்பையும் புரட்டுங்கள்.

சரிபார்க்க: எழுதிய வரியைப் பக்கத்து மேஜைக்காரரும் அப்படியே சொல்லிக்கொள்ள முடியுமா? முடிந்தால் அடித்துவிடுங்கள்.

ஒன்று, ஆலையின் கொள்முதல் விலை, வாடிக்கையாளர் பெயர் எதையும் கடிதத்தில் போடாதீர்கள். நாலு பேர் சேர்ந்து செய்ததில் உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள், நேர்முகத்தில் அதைத்தான் குடைவார்கள்.