ஜிம் டப்பாவும் இதய மாத்திரையும்: கிரியாட்டின் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் கிரியாட்டின் பற்றியவைதான் அதிகம். எழுதியவர்கள் பலரும் இதய மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அதனால் மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். ஜிம் ட்ரெய்னர் தினமும் 5 கிராம் கிரியாட்டின் எடுக்கச் சொல்கிறார். இதயத்துக்குக் கெடுதலா?
— 54 வயது வாசகர், நங்கநல்லூர்

கிரியாட்டின் இதயத்தை நேரடியாகக் கெடுக்கிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை. அது நம் உடம்பே தயாரிக்கிற பொருள்தான். மீனிலும் கறியிலும் இருக்கிறது. தசையில் சேமிப்பாகி, எடை தூக்குவது போன்ற சில விநாடி வேலைகளுக்குச் சட்டென்று சக்தி தருகிறது. 1990களிலேயே இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கை கால் தசைக்குக் கொஞ்சம் பலம் கூடியது, இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் அளவு கூடவில்லை. விஷமும் இல்லை, இதயத்துக்கு மருந்தும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இதய மருத்துவரிடம் ஏன் கேட்க வேண்டும்? உங்கள் மாத்திரைகளை அவர் கூட்டுவதும் குறைப்பதும் சில எண்களைப் பார்த்துத்தான். அதில் இரண்டை, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவையும் உடல் எடையையும், இந்தப் பொடி நகர்த்திவிடும். நீங்கள் சொல்லாவிட்டால் எண் ஏன் மாறியது என்று அவருக்குத் தெரியாது.

கிரியாட்டின் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்கள். இன்டர்நெட்டில் அதெல்லாம் கட்டுக்கதை என்கிறார்கள். எது உண்மை?
— வாசகி, மேடவாக்கம் (அப்பாவுக்காகக் கேட்கிறார்)

முதலில் பெயர்க் குழப்பம். டப்பாவில் இருப்பது கிரியாட்டின், லேப் ரிப்போர்ட்டில் வருவது கிரியாட்டினின். கிரியாட்டின் தசையில் தேய்ந்து கிரியாட்டினினாக மாறி, சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. உள்ளே அதிகம் போட்டால் கழிவும் கொஞ்சம் அதிகம் வரும். சிறுநீரகம் நன்றாகவே இருந்தாலும் ரிப்போர்ட் மோசமாகத் தெரியும். ஆரோக்கியமானவர்களைப் பொறுத்தவரை கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் சொல்வது சரிதான். இதய நோயாளிக்கு அதோடு விஷயம் முடிவதில்லை.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி. வயது 58, எக்கோவில் இஜெக்ஷன் ஃபிராக்ஷன், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதம். சாகுபிட்ரில்-வல்சார்ட்டான், ஸ்பைரோனோலாக்டோன், இன்னும் இரண்டு மாத்திரைகள். இந்த மாத்திரைகள் ஆயுளைக் கூட்டுபவை. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தால் முதல் இரண்டும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும், பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடம் புரளலாம். அதனால்தான் சில மாதங்களுக்கு ஒரு முறை ரத்தம் எடுக்கிறோம்.

அவருக்கு எப்போதும் 1.1 இருக்கும் கிரியாட்டினின் அன்று 1.4. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்த எண்ணை வைத்துச் சிறுநீரகத் திறனைக் கணக்கிட்டால் 78-லிருந்து 58-க்கு இறங்குகிறது. ஊருக்குப் போன இடத்தில் பார்த்த மருத்துவர் ஒருவர், கையில் இருந்த ரிப்போர்ட்டை வைத்து ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்தி, சாகுபிட்ரில்-வல்சார்ட்டானைப் பாதியாக்கிவிட்டார். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன். மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தபோது, மூச்சு வாங்குகிறது, இரவில் இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியவில்லை என்றார்.

டப்பா விஷயத்தைச் சொன்னது அவர் மனைவி. “பையன் வாங்கி வச்சது, இவரும் காலையில ஒரு ஸ்கூப் போட்டுக்கிறார்.” அவரைக் கேட்டால், “அது சத்து மாவு மாதிரிதானே டாக்டர்?” மாத்திரைப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? சிறுநீரகம் உண்மையிலேயே தளர்ந்தால் பெரும்பாலும் யூரியாவும் கூட ஏறும், இந்த மாத்திரைகளோடு பொட்டாசியமும் ஏறும், சிறுநீரில் புரதம் தெரியலாம். இவருக்கு அவை எதுவும் மாறியிருக்கவில்லை. அடுத்து சிஸ்டாட்டின்-சி என்ற பரிசோதனை. அது தசைக் கழிவையோ கிரியாட்டின் பொடியையோ பொறுத்து மாறாது. அதுவும் நன்றாகவே வந்தது. பொடியை நிறுத்தினோம், மாத்திரைகளைப் படிப்படியாக முன்பிருந்த அளவுக்குக் கொண்டுவந்தோம். ஒரு மாதத்தில் கிரியாட்டினின் மறுபடி 1.1.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதுதான் எனக்குக் கூடுதல் பயம். சிறுநீரகம் நிஜமாகவே தளர்ந்துகொண்டிருக்கும்போது, “அது பொடியால ஏறினது, ஒண்ணும் இல்லை” என்று நோயாளியே முடிவுகட்டி விட்டுவிடுவது. அதனால் மேடவாக்கம் வாசகிக்கு என் பதில்: அப்பா இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் ஆரம்பிக்கும் முன் ஒரு ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். ஆரம்பித்துவிட்டார் என்றால் தானாக எந்த மாத்திரையையும் தொடாமல், டப்பாவோடு அவருடைய மருத்துவரைப் பார்க்கட்டும்.

ட்ரெய்னர் தினமும் 4 லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். டாக்டர் ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடாது என்றிருக்கிறார். நடுவில் 2 லிட்டர் குடிக்கலாமா?
— 49 வயது வாசகர், பெரம்பூர்

இது பேரம் பேசுகிற இடம் இல்லை. டாக்டர் சொன்ன அளவுதான்.

கிரியாட்டின் தசைக்குள் போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். முதல் வாரம் ‘லோடிங்’ என்று தினம் 20 கிராம் எடுப்பவர்களுக்கு ஒன்று, இரண்டு கிலோ எடை ஏறுவது சகஜம். மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் உங்களைத் தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பார்க்கச் சொல்லியிருப்பார்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே கூப்பிடுங்கள் என்றும் சொல்லியிருப்பார்கள். நுரையீரலிலும் காலிலும் நீர் கோர்ப்பதை மூச்சு வாங்கும் முன்பே காட்டிக்கொடுப்பது அந்த எடை மெஷின்தான். ஏறியது தசைக்குள் போன நீரா, இதயம் தள்ள முடியாமல் தேங்கிய நீரா என்று மெஷினுக்குத் தெரியாது. கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தாலோ படுத்தால் இருமல் வந்தாலோ அது தசை இல்லை.

இதயச் செயலிழப்புக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லோடிங் பக்கமே போக வேண்டாம் என்பது என் கட்சி. அப்புறம் சென்னை மே மாத வெயிலில், ஏசி இல்லாத ஜிம்மில் வியர்த்து வழிந்துவிட்டு அதே மாத்திரையையும் போட்டால் உடம்பில் நீர் வற்றி, கிரியாட்டினின் நிஜமாகவே ஏறும். அப்போது குழப்பம் இரட்டிப்பு.

எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ‘ப்ரீ-ஒர்க்அவுட்’ பொடியில் கிரியாட்டினும் இருக்கிறதாம். எடுக்கலாமா?
— வாசகர், அண்ணா நகர்

வேண்டாம். உங்களுடையது இதயத் துடிப்பு தாறுமாறாகும் நோய். அந்த டப்பாக்களில் கிரியாட்டினோடு பெரும்பாலும் நிறைய காஃபீனும், வேறு ஊக்கிகளும் கலந்திருக்கும். இன்னொரு காரணம், ரத்தம் உறையாமலிருக்க நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் அளவு. டாபிகாட்ரான், அபிக்சபான் போன்றவற்றின் டோஸை முடிவு செய்யும்போது கிரியாட்டினினையும் கணக்கில் எடுப்போம். எண் பொய் சொன்னால் தேவைக்குக் குறைவான டோஸ் கிடைக்கலாம், விளைவு பக்கவாதம்.

கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுகிறேன். கிரியாட்டினும் ஜிம்மும் ஆரம்பித்தபின் தொடை வலிக்கிறது. எதனால்?
— வாசகர், தாம்பரம்

மூன்றில் ஜிம்முக்கே வாய்ப்பு அதிகம். நான்கைந்து நாள் எடை தூக்காமல் இருந்து பாருங்கள், ஸ்டாட்டினை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலி போகாவிட்டால் தசை சேதத்தைக் காட்டும் சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்வார்கள். முந்தின நாள் ஜிம் போய்விட்டு ரத்தம் கொடுத்தால் அதுவும் ஏறித்தான் வரும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வயது 22. சித்தப்பா 35 வயதில் திடீரென்று இறந்துவிட்டார், ‘இதயத் தசை தடிமன்’ என்றார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. கிரியாட்டின் எந்த பிராண்ட் நல்லது?
— மாணவர், குரோம்பேட்டை

தம்பி, பிராண்டை அப்புறம் பார்க்கலாம். அந்த நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது, பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே இருக்கும். உங்கள் அப்பாவுக்கும் உங்களுக்கும் ஒரு ஈசிஜி, ஒரு எக்கோ எடுத்து இதய மருத்துவரிடம் காட்டுங்கள். எடை தூக்கலாமா என்பதையே அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை ஜிம் பக்கம் போக வேண்டாம்.