கட்டிய மேட் வரியை எப்போது, எவ்வளவு திரும்ப எடுக்கலாம்?

கேள்வி: எங்களுடையது அட்டைப்பெட்டி தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் நிறுவனம். 2023-24இல் பழைய நட்டமும் தேய்மானமும் கழித்தபின் வரிக்குரிய வருமானம் 6 லட்சம்தான். அதற்கு வரி 1,56,000 ரூபாய். ஆனால் ஆடிட்டர் மேட் என்று சொல்லி 10,92,000 கட்ட வைத்தார். கூடுதலாகக் கட்டியது கிரெடிட்டாக நிற்கிறது, பின்னால் கழித்துக்கொள்ளலாம் என்றார். 2024-25இல் நல்ல லாபம். இப்போது கேட்டால் முழுவதையும் கழிக்க முடியாது என்கிறார். அது ஏன்? அப்புறம், 22 சதவீத வரிக்கு மாறிவிட்டால் மேட் தொல்லையே இல்லை என்கிறார் ஒரு நண்பர். மாறலாமா?

பதில்: உங்கள் ஆடிட்டர் சொல்வது சரி. நண்பர் சொல்வதும் சரிதான், ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். இப்போது மாறினால் கையில் உள்ள 9,36,000 ரூபாய் கிரெடிட் அப்படியே போய்விடும்.

முதலில் அந்த 10,92,000 எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். மேட் என்பது குறைந்தபட்ச மாற்று வரி. 1961 வருமான வரிச் சட்டத்தின் 115ஜேபி பிரிவின்படி, லாப நட்டக் கணக்கில் காட்டிய நிகர லாபத்தை எடுத்து, சட்டம் சொல்லும் சிலவற்றைக் கூட்டிக் கழித்தால் கிடைப்பதுதான் புத்தக லாபம். அதில் 15 சதவீதத்தை விடச் சாதாரண வரி குறைந்தால், அந்த 15 சதவீதத்தையே வரியாகக் கட்ட வேண்டும். அதற்கு மேல் 4 சதவீத செஸ். புத்தக லாபம் ஒரு கோடியைத் தாண்டாததால் உங்களுக்கு சர்சார்ஜ் இல்லை.

நீங்கள் அனுப்பிய கணக்கில் வருமான வரி ஒதுக்கீட்டையும் டெஃபர்டு டாக்ஸையும் திரும்பக் கூட்டினால் லாபம் 74 லட்சம். வராக்கடனுக்கு ஒதுக்கிய 3 லட்சத்தையும் கூட்ட வேண்டும். இன்னும் உறுதியாகாத இழப்புக்கான ஒதுக்கீட்டை மேட் ஒத்துக்கொள்ளாது. ஆக 77 லட்சம். இதிலிருந்து பழைய நட்டத்தைக் கழிக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

வருமான வரிக் கணக்கில் உங்களுக்கு முன் வருடங்களிலிருந்து ஏறக்குறைய 42 லட்சம் வந்திருந்தது. மேட் கணக்குக்கு அந்த எண் எதற்கும் உதவாது. இங்கே பார்ப்பது கம்பெனிப் புத்தகத்தில் உள்ள பழைய நட்டத்தையும் பழைய தேய்மானத்தையும் மட்டுமே. அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, எது குறைவோ அதை மட்டும் கழிக்க விடுகிறது சட்டம். உங்கள் புத்தகத்தில் தேய்மானம் நீங்கலான நட்டம் 7 லட்சம், ஈடுகட்டப்படாத தேய்மானம் 19 லட்சம். மொத்தம் 26 லட்சம் இருந்தாலும் கழிந்தது 7 லட்சம்தான். இரண்டில் ஒன்று பூஜ்யமாக இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. 26 லட்சத்தையும் கழித்துவிட்டு வரும் கணக்குகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன். உங்கள் ஆடிட்டர் அந்தத் தவறைச் செய்யவில்லை.

77இல் 7 போனால் 70 லட்சம். அதில் 15 சதவீதம் 10,50,000. செஸ் 42,000. கூட்டினால் நீங்கள் கட்டிய 10,92,000 வந்துவிடும். இதில் சாதாரண வரி 1,56,000 போக மீதி 9,36,000தான் 115ஜேஏஏ பிரிவின் கீழ் உங்கள் கிரெடிட். கட்டிய மேட் முழுவதும் கிரெடிட் ஆகாது. எப்படியும் கட்டியிருக்க வேண்டிய சாதாரண வரிக்கு மேல் போன தொகை மட்டுமே கிரெடிட்.

இனி 2024-25. வரிக்குரிய வருமானம் 60 லட்சம், 25 சதவீத விகிதத்தில் செஸ்ஸோடு வரி 15,60,000. புத்தக லாபம் 64 லட்சம், அதற்கு மேட் 9,98,400. இந்த முறை சாதாரண வரிதான் பெரியது, அதனால் கிரெடிட்டை எடுக்கக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் எந்த வருடமும் நீங்கள் கட்டும் வரி அந்த வருடத்து மேட் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது. அதாவது 15,60,000க்கும் 9,98,400க்கும் உள்ள இடைவெளியான 5,61,600 வரைதான் கிரெடிட்டைப் பயன்படுத்தலாம். நீங்கள் கட்ட வேண்டியது 9,98,400. மீதமுள்ள 3,74,400 அடுத்த வருடத்துக்குப் போகும்.

2025-26லும் இதே அளவு லாபம் வந்தால் இடைவெளி மீண்டும் 5,61,600 இருக்கும். மிச்சமுள்ள 3,74,400 அதற்குள் அடங்கிவிடும், கிரெடிட் தீர்ந்துவிடும். 1961 சட்டத்தில் 15 மதிப்பீட்டு ஆண்டுகள் வரை இதை எடுத்துச் செல்ல இடமுண்டு. உங்களுக்கு இரண்டே போதும் போலிருக்கிறது. காத்திருக்கும் காலத்துக்கு வட்டி எதுவும் கிடையாது. அதனால் ஒரு ரூபாய் கிரெடிட்டும் சீக்கிரம் பயன்பட்டால்தான் ஒரு ரூபாய்.

எல்லா நிறுவனங்களுக்கும் இப்படிக் கிரெடிட் திரும்பி வரும் என்று நினைத்துவிட வேண்டாம். உங்களுக்கு வருவதற்குக் காரணம், புத்தகத்துக்கும் வரிக் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் காலத்தால் வந்தது. 2023-24 தொடக்கத்தில் ஒரு கோடிக்கு நீங்கள் வாங்கிப் போட்ட இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வருமான வரிச் சட்டப்படி முதல் வருடம் 15 சதவீதத் தேய்மானமும், உற்பத்தித் தொழிலுக்கான 20 சதவீதக் கூடுதல் தேய்மானமும் சேர்ந்து 35 லட்சம் கிடைக்கிறது. உங்கள் புத்தகத்தில் 15 வருட ஆயுளுக்குச் சமமாகப் பிரித்து, ஐந்து சதவீத எஞ்சு மதிப்பு விட்டுக் கணக்கிடுவதால் சுமார் 6.33 லட்சம்தான். ஒரே இயந்திரம், முதல் வருடமே 28 லட்சத்துக்கு மேல் இடைவெளி.

அடுத்த வருடம் வரிக் கணக்கில் 65 லட்சத்துக்கு 15 சதவீதம், 9.75 லட்சம். அதற்கடுத்து 8.29, பிறகு 7.04. ஐந்தாம் வருடம் 5.99 லட்சமாக இறங்கும்போது புத்தகத்தின் 6.33 லட்சம் அதைத் தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் புத்தக லாபத்தை விட வரிக்குரிய வருமானம் கூடுதலாக நிற்கும், கிரெடிட் எடுக்கும் இடைவெளியும் விரியும். வித்தியாசம் காலத்தால் வந்ததென்றால் இப்படித் தானே திரும்பிவிடும். நிரந்தர வரிச்சலுகையால் வந்த வித்தியாசம் திரும்பாது. சலுகை முடியும் வரை அந்த நிறுவனம் வருடா வருடம் கிரெடிட்டைச் சேர்த்துக்கொண்டே போகும், எடுக்க வழி பிறக்காது. அப்படிப்பட்ட பேலன்ஸ் ஷீட்டில் மேட் கிரெடிட்டைச் சொத்தாகக் காட்டியிருந்தால் நான் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

சரி, நண்பர் சொன்ன 22 சதவீதம். அது 115பிஏஏ பிரிவு. 10 சதவீத சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 25.168 சதவீதம் ஆகிவிடும். உங்களுக்கு இப்போது உள்ளது செஸ்ஸோடு 26 சதவீதம். 60 லட்சத்துக்கு 115பிஏஏயில் வரி 15,10,080. பழைய முறையில் 15,60,000. மிச்சம் 49,920 ரூபாய். இதற்காக மாறினால் அந்த முறையில் மேட் இல்லை, உண்மைதான். ஆனால் கையிலுள்ள கிரெடிட்டையும் அங்கே எடுக்க முடியாது. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2019 அக்டோபர் 2 அன்று வெளியிட்ட 29ஆம் எண் சுற்றறிக்கையில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வருடத்துக்கு ஐம்பதாயிரம் மிச்சம் பிடிக்க 9,36,000 ரூபாயை விட்டுக்கொடுப்பதா? ஒருமுறை அந்த வழியைத் தேர்ந்தால் பழைய முறைக்குத் திரும்பவும் முடியாது. அங்கே கூடுதல் தேய்மானமும் இல்லை, அதனால் வந்த பழைய நட்டமும் கிடைக்காது.

என் யோசனை, கிரெடிட் தீரும் வரை இருக்கும் இடத்திலேயே இருங்கள். தீர்ந்தபின் அப்போதைய விகிதங்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் வரிக்குரிய வருமானம் ஒரு கோடியைத் தாண்டினால் கணக்கு மாறிவிடும். அப்போது பழைய முறையில் 7 சதவீத சர்சார்ஜ் சேர்ந்து வரி 27.82 சதவீதம் ஆகிவிடுவதால் இடைவெளி பெரிதாகத் தெரியும்.

ரிட்டர்னில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஐடிஆர்-6இல் Schedule MATC என்ற பகுதியில் முந்தைய மதிப்பீட்டு ஆண்டின் கிரெடிட் 9,36,000 என்று வர வேண்டும். அதைப் போன வருட ரிட்டர்னோடும், 143(1) அறிவிப்போடும் வரிசை வரிசையாக ஒப்பிடுங்கள். அறிவிப்பில் சாதாரண வரியையோ மேட்டையோ துறை மாற்றியிருந்தால் கிரெடிட்டும் அதற்கேற்ப மாறியிருக்கும். அதைப் பார்க்காமல் பழைய எண்ணையே போட்டால் இந்த வருடம் கூடுதல் வரி கேட்டு நோட்டீஸ் வரும். தணிக்கையாளர் தரும் படிவம் 29பி, ரிட்டர்ன் கெடு தேதிக்கு ஒரு மாதம் முன்பே போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்று அட்வான்ஸ் டாக்ஸ். மேட் கட்டும் நிறுவனமும் அதைத் தவணையாகக் கட்டியாக வேண்டும், வருடக் கடைசி வரை காத்திருக்க முடியாது. ஆனால் கிரெடிட் எடுக்கும் வருடத்தில் அதைக் கழித்துவிட்டு மிஞ்சும் வரிக்குத் தவணை கட்டினால் போதும். துல்சியான் என்.இ.சி. வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், அட்வான்ஸ் டாக்ஸ் குறைந்தால் போடும் 234பி வட்டியைக் கிரெடிட்டைக் கழித்த பிறகே போட வேண்டும் என்று சொல்லிவிட்டது. உங்களுக்கு அந்த அடிப்படைத் தொகை 9,98,400. 2024-25க்கு 15,60,000ஐ வைத்துத் தவணை கட்டியிருந்தால் 5,61,600 ரூபாயைத் தேவையில்லாமல் முடக்கியிருக்கிறீர்கள். அது ரீஃபண்டாக வரும்.