முதல் ஏற்றுமதி, என்னென்ன பேப்பர்?

"சென்னிமலை பெட்ஷீட் 40 ஆஸ்திரேலியா போகுது, ஜிஎஸ்டி, ஐஇசி இருக்கு, வேற என்ன வேணும்?"

மொதல்ல எல்யூடி போட்ருங்க, அதாவது வரி கட்டாம ஏற்றுமதி பண்ண குடுக்குற உறுதிமொழி, ஜிஎஸ்டி போர்டல்ல RFD-11 ஃபார்ம், பார்சல் கிளம்புறதுக்கு முன்னாடியே, இல்லேன்னா ஐஜிஎஸ்டி கட்டிட்டு ரீஃபண்டுக்கு காத்திருக்கணும். எல்யூடி ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும். பேங்க்ல அவங்க கிளையோட நம்பரான ஏடி கோடுக்கு லெட்டர் வாங்கி, கஸ்டம்ஸ் போர்டலான ICEGATE-ல பதிஞ்சிருங்க.

இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும்தான் பாடு. பெட்ஷீட்னா சரக்கு வகையைக் காட்டுற எச்எஸ் கோடு 6302, மேல விரிக்கிற பெட்ஸ்ப்ரெட்னா 6304, ரெண்டு பேப்பர்லயும் அதே கோடு, அதே எண்ணிக்கை, அதே எடை இருக்கணும். நான் ஒரு தடவை ஒண்ணுல அட்டைப்பெட்டியோட சேத்த எடையும் இன்னொண்ணுல துணி எடை மட்டும் போட்டு சரக்கு நின்னுபோச்சு.

இந்தியா-ஆஸ்திரேலியா ஒப்பந்தப்படி சரக்கு இந்தியாவுல செஞ்சதுன்னு காட்டுற ஆரிஜின் சர்ட்டிஃபிகேட் எடுத்துக் குடுங்க, வாங்குறவருக்கு டியூட்டி மிச்சம்.