அண்ணா கண்ட சிவப்பு, அக்கா காணாத சிவப்பு

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சீனி வருத்தம். வலது காலில் கணுக்காலுக்கு மேலே சிவந்தமாதிரி இருந்தது. இரவு பத்து மணிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். டோஹாவில் இருக்கும் அண்ணா "நெருப்பாய்ச் சிவந்திருக்கு, உடனே கொண்டுபோ" என்கிறார். மட்டக்களப்பில் இருக்கும் அக்கா விடிய பஸ்ஸுக்குள் வைத்துப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்கிறா. காலையில் விறாந்தையில் திரும்ப எடுத்தேன். அதில் எனக்கும் சிவப்பு இல்லை. அம்மாவின் முகம் வெளிறிப்போயிருக்கு என்றும் அண்ணா சொல்கிறார். எந்தப் படத்தை நம்புவது?
– வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம் வந்த அன்றே நான் போன் எடுத்தது நினைவிருக்கும். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கும் விஷயமில்லை இது. புறங்கையை இரண்டு காலிலும் மாறிமாறி வைத்துப் பாருங்கள் என்று கேட்டேன். வலது கால் சுடுகிறது, வீங்கி மினுங்குகிறது என்றீர்கள். "ஆனால் அம்மாவுக்கு நோவில்லை" என்று ஆறுதலாகவும் சொன்னீர்கள். சீனி வருத்தம் நாட்பட்டால் காலில் உணர்ச்சி குறையும். நோவில்லை என்பதை வைத்து நிம்மதிப்பட முடியாது. அதனால்தான் அன்றே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகச் சொன்னேன். தோலில் கிருமித் தொற்று என்று மருந்து தொடங்கியதாகப் பிறகு சொன்னீர்கள். அங்கே டொக்டர் உங்கள் போனைக் கேட்கவே இல்லையாம். தொட்டார், அழுத்தினார், இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் ஸ்டூடியோக்காரன், டொக்டர் இல்லை. படங்கள் ஏன் ஆளுக்கொரு கதை சொல்லின என்பதுதான் எனக்குத் தெரிந்த பாடம்.

முதலில் அந்த இரவுப் படம். அம்மாவின் கால் ஒரு பச்சை விரிப்பின் மேல் இருக்கிறது. படத்தில் முக்கால்வாசி அந்தப் பச்சைதான். அறையில் எரிவது என்ன நிறமான வெளிச்சம் என்று போன் தானாக ஊகித்து நிறத்தைச் சரிசெய்யும். வைட் பலன்ஸ் என்பது அதுதான். எங்கும் பச்சையைக் கண்டால், வெளிச்சமே பச்சையோ என்று ஏமாந்து, அதைக் குறைக்கக் கருஞ்சிவப்புப் பக்கம் தள்ளும். விரிப்புக் கொஞ்சம் மங்கும், கால் சிவக்கும். கலியாண வீடுகளில் இதன் மறுபக்கத்தை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சிவப்புக் கூறைச் சேலை படத்தை நிறைத்தால், பொம்பிளையின் முகம் சாம்பல் பூத்ததுபோல் வரும். முகப்பூச்சுக்காரிக்குத்தான் ஏச்சு விழும், பாவம்.

அதே படத்தில் எதிர்ப்பக்கம் இழுக்கும் பிழை ஒன்றும் இருக்கிறது. உங்கள் அறையில் இருப்பது மலிவான எல்.ஈ.டி. பல்ப். இப்படிப்பட்ட பல்புகள் பலவற்றில் ஆழ்ந்த சிவப்பு ஒளி குறைவு. வெளிச்சத்தில் இல்லாத சிவப்பைத் தோல் திருப்பியனுப்ப முடியாது. பெட்டியில் Ra 80 என்று போட்டிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். அந்த எண் எட்டு மென்மையான நிறங்களில் எடுத்த சராசரி. ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் இல்லை, R9 என்று தனியே அளப்பார்கள். ஆக, பல்ப் சிவப்பை மறைக்கிறது, விரிப்புச் சிவப்பைக் கூட்டுகிறது. கடைசியில் படத்தில் நிற்கும் சிவப்பு எவ்வளவு உண்மை என்று என்னாலும் சொல்ல முடியாது.

காலைப் படத்தில் குற்றவாளி விறாந்தைக்கு மேலே கட்டியிருக்கும் நீலத் தார்ப்பாலின். அதனூடாக வரும் வெளிச்சத்தில் சிவப்பு வடிந்துபோய்விடுகிறது. கால் ஒரேமாதிரிச் சாம்பலாகத் தெரிவது அதனால்தான். உங்கள் கண்ணும் அதே தார்ப்பாலினுக்குக் கீழே நின்றுதானே பார்த்தது? இதோடு இன்னொன்று. நம் நிறத் தோலில் சிவப்பு, படங்களில் காட்டுவதுபோல் ரோஜாச் சிவப்பாக வராது. ஊதாவாகவோ, சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ தெரியும். "சிவக்கவில்லையே" என்று இருந்துவிடுவதற்கு அதுவே போதும்.

இனி அண்ணாவும் அக்காவும். இங்கே இரவு பத்து என்றால் கத்தாரில் ஏழரை, பொழுது பட்டுவிட்டது. நான் சொல்லி நீங்கள் கேட்டுப் பார்த்ததில், அண்ணாவின் சாம்சுங்கில் Eye comfort shield பொழுதுபட்டதும் தானாக விழும்படி இருந்ததாம். ஐபோனில் அதையே Night Shift என்பார்கள். அது நீலத்தைக் குறைத்துத் திரை முழுவதையும் செம்மஞ்சளாக்கும். போதாததற்கு Screen mode என்ற இடத்தில் Vivid. அது நிறங்களைத் தூக்கிக் காட்டும், Natural அளவு அடக்கமில்லை. ஏற்கெனவே கருஞ்சிவப்பாகிப் போன படம் அங்கே நெருப்பானதில் என்ன புதினம்? அக்கா பார்த்ததோ வெயில் அடிக்கும் பஸ்ஸில். திரையில் விழும் வெயில் நிறத்தைக் கழுவிவிடும். அண்ணா சொன்னது சரியாகத்தான் முடிந்தது, ஆனால் அவர் கண்ட சிவப்பில் பாதி அவருடைய போனுடையது. அடுத்த முறை அதே போன் வீணாகப் பயப்படுத்தவும் கூடும்.

முகம் வெளிறியது பற்றி. அந்தப் படம் செல்ஃபி கமராவில் எடுத்தது. பல போன்களில் அந்தப் பக்கம் முகத்தை வழுவழுப்பாக்கி வெளிறச் செய்யும் பில்டர் கடையிலிருந்து வரும்போதே போடப்பட்டிருக்கும். சிவந்த திட்டை முகப்பரு என்று நினைத்து அழித்தும் விடும். இரத்தம் குறைவோ என்று சந்தேகமிருந்தால் பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். அதுவும் குறிப்புத்தான், முடிவைச் சொல்வது இரத்தப் பரிசோதனை.

இனி எடுக்கும் படங்களுக்கு இப்படிச் செய்யுங்கள். தார்ப்பாலினை விட்டு வெளியே, வெயில் நேரே படாத நிழலில் அம்மாவை இருத்துங்கள். பின்பக்கக் கமரா, பிளாஷ் வேண்டாம், பில்டர் வேண்டாம். இரண்டு காலும் ஒரே படத்தில் வரவேண்டும், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். போன் பொய் சொன்னாலும் பெரும்பாலும் இரண்டு காலுக்கும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். அதனால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். தாள் வெளிச்சத்தில் வெளுத்துப்போய் அதன் ஓரமே தெரியாமல் வந்தால், தோலின் சிவப்பும் கொஞ்சம் கரைந்திருக்கும். அந்தப் படத்தை விட்டுவிட்டுத் திரும்ப எடுங்கள். வட்ஸ்அப்பில் Document ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், சின்ன நிற வித்தியாசங்கள் கலங்கிவிடும்.

பார்ப்பவரிடம் "கால் எப்படி இருக்கு?" என்று கேட்க முதல் "தாள் என்ன நிறம்?" என்று கேளுங்கள். மஞ்சள் என்றால் படத்திலோ அவருடைய திரையிலோ கோளாறு. ஆனால் மஞ்சள் திரையையே அரை மணித்தியாலம் பார்த்த கண்ணுக்கு அதுவும் வெள்ளையாகிவிடும்; ஆகவே Eye comfort shield-ஐ நிறுத்தச் சொல்லிவிட்டே கேளுங்கள். தாள் வெள்ளையாக வந்த படத்திலும் மலிவு பல்ப் விழுங்கிய சிவப்புத் திரும்பி வராது. அதற்குத்தான் பகல் வெளிச்சம்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, ஆஸ்பத்திரியில் நேர்ஸ் செய்ததாக நீங்கள் சொன்ன வேலை: சிவப்பின் ஓரத்தைப் பேனையால் சுற்றிக் கீறி, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிட்டாராம். அந்தக் கோட்டை எந்தப் பல்பும் மாற்றாது. சிவப்போ வீக்கமோ கோட்டைத் தாண்டினால், கொப்புளமோ கறுப்போ வந்தால், குளிரும் காய்ச்சலும் பிடித்தால், படம் எடுத்து ஆருக்கும் அனுப்பிக்கொண்டிராமல் திரும்ப வைத்தியசாலைக்கே போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.