சம்மதம் என்ற கட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தொண்டியிலிருந்து எழுதுகிறேன். முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். மக்கள் ஒப்பந்தம் போட்டுத்தான் அரசு உருவாகிறது என்ற சமூக ஒப்பந்தக் கோட்பாட்டை எழுதிய ஹாப்ஸ், லாக், ரூசோ மூவரையும் அதிகாரம், சம்மதம், உரிமை என்ற தலைப்புகளில் ஒரே அட்டவணையில் ஒப்பிடச் சொன்னார்கள். ஹாப்ஸுக்கு ‘மன்னராட்சி, பயத்தால் சம்மதம், உரிமை இல்லை’ என்று போட்டேன். ஆனால் மூவருமே மக்கள் சம்மதம் என்றுதானே சொல்கிறார்கள்? பிறகு என்ன வித்தியாசம்? அப்பா விசைப்படகில் தொழில் செய்பவர். மீன்பிடித் தடைக்காலத்துக்கு நீங்கள் சம்மதித்தீர்களா என்று கேட்டேன். “என்னை யார் கேட்டா?” என்றார்.

ச., தொண்டி

அன்புள்ள ச.,

உங்கள் அட்டவணையில் ஒரு தலைப்பு விடுபட்டிருக்கிறது. ஒப்பந்தம் யாருக்கும் யாருக்கும் இடையே நடக்கிறது? முதலில் அதை நிரப்புங்கள். மற்ற மூன்றும் அதிலிருந்துதான் வருகின்றன.

1651-இல் வந்த ஹாப்ஸின் ‘லெவியதான்’ நூலில் ஒப்பந்தம் போடுவது மக்கள், தங்களுக்குள். ஆளப்போகிறவர் அதில் ஒரு தரப்பே இல்லை. வாக்குக் கொடுக்காதவர் வாக்கு மீறினார் என்று யாரும் சொல்ல முடியாது. ஹாப்ஸ் தரும் அதிகாரத்தின் முழு பலமும் இதில் இருக்கிறது. அந்த அதிகாரம் ஒரு சபையிடமும் இருக்கலாம். மன்னராட்சி அவருக்குப் பிடித்தது, ஒப்பந்தம் கேட்பதல்ல. எனவே அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

‘பயத்தால் சம்மதம்’ என்பதையும் ‘பயம் இருந்தாலும் சம்மதம் செல்லும்’ என்று மாற்றுங்கள். கப்பல் மூழ்கிவிடும் என்று பயந்து சரக்கைக் கடலில் எறிகிறவன், தன் விருப்பத்தோடுதான் எறிகிறான் என்கிறார் ஹாப்ஸ். கடற்கரையில் வளர்ந்த உங்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

‘உரிமை இல்லை’ என்பது பல விடைத்தாள்களில் வரும் தவறு. உன்னையே கொன்றுகொள், உன்னைத் தாக்குகிறவர்களைத் தடுக்காதே, சாப்பிடாதே என்று அரசு ஆணையிட்டால், நியாயமாகத் தண்டிக்கப்பட்டவனும் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று 21-ஆம் அத்தியாயத்தில் எழுதுகிறார். ஆனால் அவனைக் கொல்லும் உரிமையும் அரசிடம் அப்படியே இருக்கிறது. தண்டிக்கப்பட்டவனின் உரிமை, எதிரில் யாருக்கும் கடமையை உண்டாக்காத உரிமை. கட்டத்தில் இதை எழுதுங்கள்.

லாக்கின் ‘இரண்டாம் ஆய்வுரை’ 1689-இல் வெளியானது. அதில் மக்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டு முதலில் ஒரு சமூகமாகச் சேர்கிறார்கள். அப்புறம் பெரும்பான்மை முடிவின்படி அரசிடம் அதிகாரத்தை நம்பி ஒப்படைக்கிறார்கள். உயிர், சுதந்திரம், உடைமை மூன்றும் அரசுக்கு முன்பே இருப்பவை. அவற்றைக் காக்கத்தான் ஒப்படைத்தார்கள். அரசு அந்த நம்பிக்கையைக் கெடுத்தால் அதிகாரம் மக்களிடம் திரும்பிவிடும்.

இங்கேதான் உங்கள் அப்பா கேட்ட கேள்வி வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அதற்கு அவர் எங்கும் கையெழுத்துப் போடவில்லை. லாக் 119-ஆம் பத்தியில் பதில் வைத்திருக்கிறார்: ஒரு நாட்டின் சாலையில் தடையில்லாமல் நடந்தாலே அது மௌன சம்மதம். அப்படியானால் இறங்குதளத்தில் படகைக் கட்டினாலும் சம்மதம்தான். நிறைய பேர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 122-ஆம் பத்தியையும் படியுங்கள். சட்டத்துக்கு அடங்கி, அதன் பாதுகாப்பில் அமைதியாக வாழ்வது மட்டும் ஒருவரை அந்தச் சமூகத்தின் உறுப்பினர் ஆக்காது என்கிறார். அங்கே தங்கியிருக்கும் வரை கீழ்ப்படிய வேண்டும், அவ்வளவுதான். உறுப்பினராக வெளிப்படையான வாக்குறுதி வேண்டும். லாக்கின் சம்மதக் கட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள்.

மௌன சம்மதத்தை 1748-இல் தத்துவஞானி டேவிட் ஹியூம் கடுமையாக மறுத்தார். தூங்கும்போது கப்பலில் ஏற்றப்பட்டவன், இறங்க வேண்டுமானால் கடலில் குதித்துச் சாக வேண்டும். அவன் கப்பலிலேயே இருப்பதால் தலைவனின் ஆணைக்கு மனமுவந்து சம்மதித்தான் என்று சொல்வீர்களா என்று கேட்டார். வேறு தொழிலும் வேறு கரையும் இல்லாதவர்களிடம் ‘பிடிக்காவிட்டால் போகலாம்’ என்று சொல்வதை நானும் சம்மதம் என்று ஏற்க மாட்டேன். உங்கள் அப்பாவின் பதில் ஹியூமின் பக்கம் நிற்கிறது. அதை அட்டவணைக்குக் கீழே குறிப்பாகச் சேர்க்கலாம்.

ரூசோவின் ‘சமூக ஒப்பந்தம்’ 1762-இல் வந்தது. அதில் ஒவ்வொருவரும் ஒப்பந்தம் போடுவது மக்கள் என்ற முழு உடலோடு. அரசாங்கம் வெறும் ஊழியர். இறையாண்மையைப் பிரதிநிதியிடம் கொடுக்க முடியாது, ஆங்கிலேயர்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டுமே சுதந்திரமானவர்கள் என்கிறார். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பிரதிநிதிகள் இயற்றினார்கள் என்று சொன்னால், மக்கள் நேரில் கூடி ஏற்காத எதுவும் சட்டமே இல்லை என்பார். தனிமனிதர் தன் உரிமைகள் அனைத்தையும் சமூகத்திடம் கொடுத்துவிடுகிறார். எல்லோரும் ஒரே அளவில் கொடுப்பதால், குடிமகனாக அதே அளவு திரும்பப் பெறுகிறார்.

அதனால் ரூசோவுக்கு ‘மக்களாட்சி’ என்று எழுதியிருந்தால் அதையும் அடித்துவிடுங்கள். அவருக்கு மக்களாட்சி அரசாங்கத்தின் ஒரு வகை. மக்களிடம் எப்போதும் இருக்க வேண்டியது சட்டம் இயற்றும் அதிகாரம்.